ஊதுபத்திப் புகை காட்டிக்கொடுத்த பாத்ரூம் நாற்றம்

போன ஞாயிற்றுக்கிழமையோடு சரியாக மூன்று வாரம். அத்தையின் பாத்ரூமில் நாற்றம் இல்லை. இந்த மூன்று வாரத்துக்கு முன்னால் ஐந்து மாதம் போராடியிருக்கிறேன். அதனால் நடந்ததை மறப்பதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு டர்பனில், சாட்ஸ்வொர்த்தில். 1960களில் இந்தியர்களுக்கென்று அரசாங்கம் வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. பின்பக்கம் மாமா காலத்தில் கட்டிய அவுட்பில்டிங் ஒன்று சும்மா கிடந்தது. அத்தைக்கு முட்டி வலி, வீட்டுக்குள் இருக்கும் படி ஏற முடியவில்லை. அந்த அறையை அவருக்கு ஒதுக்கி, அதோடு ஒட்டி ஒரு சின்ன பாத்ரூம் போட்டோம். டாய்லெட், அங்கிருந்து வீட்டு லைன் வரை போகும் 110 மில்லிமீட்டர் பைப் இரண்டையும் தகுதிபெற்ற பிளம்பர் ஒருவர் போட்டுக் கொடுத்தார். இங்கே விதி அப்படித்தான். வாஷ்பேசினுக்கும் ஷவருக்கும் உண்டான சின்ன பைப்புகளை மட்டும் செலவு மிச்சமாகட்டும் என்று நானே போட்டேன். வினை அங்கே ஆரம்பித்தது.

அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பாத்ரூமின் வெளிச்சுவரைப் பார்த்து நின்றால் இடது கோடியில் பேசின், வலது கோடியில் டாய்லெட், நடுவில், கொஞ்சம் இடது பக்கமாக ஷவர். 110 பைப் வலது கோடியில் டாய்லெட் பக்கத்திலிருந்து தொடங்கி மண்ணுக்குள் ஒன்பது மீட்டர் ஓடி வீட்டு லைனில் சேர்கிறது. பேசின் தண்ணீருக்கு 40 மில்லி பைப். சுவரைத் துளைத்து வெளியே வந்து, தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் சுவரோடு ஒட்டி 3.2 மீட்டர் ஓடி, கடைசியில் கீழே இறங்கி 110 பைப்பின் தலைப்பில் சேரும். ஷவருக்கு 50 மில்லி பைப், தளத்துக்கு அடியிலேயே போய் நேராக 110 பைப்பில் சேரும்.

முதல் தப்பு, வாட்டம். பேசின் பைப் சுவரில் நேர்க்கோடாகத் தெரிந்தால் அழகாக இருக்கும் என்று 3.2 மீட்டருக்கு 12 மில்லி மட்டும் இறக்கம் கொடுத்தேன். கிளிப்புகளையும் ஒரு மீட்டருக்கு ஒன்று என்று தள்ளித் தள்ளி அடித்தேன். டர்பன் வெயிலில் பிவிசி இளகி, கிளிப்புக்கு நடுவில் தொய்ந்துவிட்டது. இருந்த 12 மில்லி இறக்கமும் அந்தத் தொய்வில் போயிற்று. ஒரே மாதத்தில் பேசின் தண்ணீர் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. பைப்பைக் கழற்றியபோது தொய்ந்த இடத்தில் சோப்பும் முடியும் பல் விளக்கிய நுரையும் சேர்ந்து சாம்பல் நிறக் கூழாக நின்றது. அந்த நாற்றத்தைத்தான் அத்தை சொல்கிறார் என்று நினைத்தேன்.

சரி, இறக்கம் போதவில்லை, நிறையக் கொடுத்தால் தீர்ந்தது என்று முடிவு செய்தேன். இரண்டாவது முறை 3.2 மீட்டருக்கு 30 சென்டிமீட்டர் இறக்கம். கிளிப் அரை மீட்டருக்கு ஒன்று. தண்ணீர் பறந்துகொண்டு போயிற்று. பேசினை நிரப்பி அடைப்பை எடுத்தால் கடைசியில் 'கர்ர்ர்' என்று ஒரு பெரிய உறிஞ்சல். நான் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். நல்லா இழுக்குதுன்னு பெருமை வேறு.

நாற்றமோ முன்னைவிட அதிகமாயிற்று. இந்த முறை அழுகின சோப்பு வாசனை இல்லை, அசல் சாக்கடை வாசனை. காலையில் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும், பகலில் குறையும். அத்தை பொறுமைசாலி. "பரவாயில்ல தம்பி" என்று சொல்லிவிட்டு பாத்ரூமுக்குள்ளேயே ஊதுபத்தி கொளுத்தி வைக்கத் தொடங்கினார்.

விஷயம் புரிந்தது அந்த ஊதுபத்தியால்தான். ஒருநாள் காலை ஆறு மணிக்கு உள்ளே போனேன். ஜன்னல் சாத்தியிருந்தது. ஜன்னல் கட்டையில் இருந்த ஊதுபத்தியின் புகை நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. சும்மா ஒரு யோசனை, பத்தியை எடுத்து, ஷவர் தரையில் தண்ணீர் வடியும் ஓட்டையின் ஜாலிக்கு மேலே பிடித்தேன். அங்கே புகை நேராக நிற்கவில்லை, கலைந்து கலைந்து மேலே தள்ளப்பட்டது. கீழேயிருந்து காற்று வருகிறது. ஒரு குவளை தண்ணீரை ஜாலியில் ஊற்றிவிட்டு மறுபடி பிடித்தேன். புகை நேராக நின்றது. அப்படியே பத்தியைப் பிடித்தபடி டாய்லெட்டை ஃப்ளஷ் செய்தேன். ஷவர் ஜாலிக்குள் 'குளுக், குளுக்' என்று சத்தம். புகையைச் சடாரென்று உள்ளே இழுத்தது. ஃப்ளஷ் செய்தால் ஷவர் ட்ராப்பில் இருக்கிற தண்ணீரை அந்த 110 பைப் உறிஞ்சிக்கொண்டு போகிறது.

ட்ராப் என்று சொல்கிற வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்றுக்கும் நமக்கும் நடுவில் உள்ள கதவே அதுதான். அந்தத் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க, எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியையே எடுத்துக்கொண்டேன். ஜாலியைத் தூக்கி, குச்சியை ட்ராப்பின் அடி தொடும் வரை விட்டு, நனைந்த இடத்தை ஸ்கேலில் பார்த்தேன். தண்ணீர் ஊற்றியவுடன் 100 மில்லிமீட்டர். இதில் 50 மில்லி பைப்பின் அகலம், அதற்கு மேலே இருக்கிற 50 மில்லிதான் உண்மையான தடுப்பு. அதாவது குச்சி 50க்குக் கீழே காட்டினால் கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு ஃப்ளஷ்: 80. இரண்டாவது: 65. நான்காவது ஃப்ளஷுக்கு அப்புறம் 45. ராத்திரியில் அத்தை மூன்று நான்கு முறை எழுந்து போவார். ஷவர் குளிப்பது காலை எட்டு மணிக்கு. காலையில் அடித்த நாற்றம் பகலில் ஏன் குறைந்தது என்பது அந்தக் குச்சியிலேயே இருந்தது.

பேசின் ட்ராப்பில் குச்சி விட முடியாது. அதற்கு வேறு வழி செய்தேன். ட்ராப்பின் அடியில் உள்ள மூடியைத் திறந்து தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்து, சமையலறை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தேன். குழாயை மெதுவாகத் திறந்து நிரப்பிய ட்ராப்பில் சுமார் 300 மில்லிலிட்டர் இருந்தது. பேசினை முழுக்க நிரப்பி அடைப்பை எடுத்து, அந்தக் 'கர்ர்ர்' முடிந்த பிறகு பிடித்தால் 110 மில்லிலிட்டர்தான். நான் பெருமைப்பட்ட அந்தச் சத்தம் பைப் தன் சொந்த ட்ராப்பையே குடிக்கிற சத்தம்.

இந்த இடத்தில் தொழில் தெரிந்த ஒருவரிடம் போவது என்று முடிவெடுத்தேன். கோயிலில் பழக்கமான ஒரு அண்ணன், முப்பது வருடமாக பிளம்பிங் செய்கிறவர். வந்தார், சுவருக்கு வெளியே நின்று பைப்பைப் பார்த்தார். "தம்பி, வென்ட் எங்க?" என்று கேட்டார். சாக்கடை பைப்புக்குள் காற்று போய்வர மேலே திறந்து நிற்கும் பைப்தான் வென்ட்.

"பெரிய வீட்டுல ஒண்ணு இருக்கே அண்ணே."

"அது ஒன்பது மீட்டர் தள்ளி இருக்கு. இந்தக் கோடியில தண்ணி ஓடுறப்ப அதுக்குப் பின்னால காத்து எங்கிருந்து வரும்? கிட்ட இருக்கிற ட்ராப்லேருந்துதான் வரும்."

டாய்லெட் விஷயம் அத்தோடு புரிந்துவிட்டது. ஃப்ளஷ் தண்ணீர் பைப்பை அடைத்துக்கொண்டு ஓடும்போது பின்னால் வெற்றிடம் மாதிரி ஒன்று உண்டாகிறது. வேறு வழி இல்லாததால் அது ஷவர் ட்ராப் வழியாகக் காற்றை உறிஞ்சுகிறது. ஆனால் பேசின் விஷயத்துக்கு டாய்லெட் தேவைப்படவில்லை, பேசின் தன் தண்ணீராலேயே காலியாகிறது. அதற்கு அவர் சொன்ன உதாரணம் மண்ணெண்ணெய் டின். டின்னிலிருந்து ட்யூப் வைத்து உறிஞ்சிவிட்டு, ட்யூபின் மறுமுனையைக் கீழே தாழ்த்தினால் டின் காலியாகும் வரை நிற்காது. 40 மில்லி பைப்பில் 30 சென்டிமீட்டர் தாழ்வு கொடுத்தால், பைப் முழுக்கத் தண்ணீரால் நிரம்பி அதே ட்யூபாகிவிடுகிறது. பேசினின் அடி வேறு குவிந்து உருண்டை. கடைசித் துளி வரை வேகமாக இறங்கிவிடும். ஷவர் தளம் மாதிரி தட்டையாக இருந்தால், கடைசியில் மெல்ல வடிகிற தண்ணீர் ட்ராப்பை மறுபடி நிரப்பிவிடும். பேசினில் அந்த வடிதலே கிடையாது.

அப்புறம் அவர் ஒரு கணக்கு சொன்னார். இந்தப் பதிவில் யாராவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளலாம். ட்ராப்பிலிருந்து வென்ட் பைப் சேரும் இடம் வரை பைப் மொத்தம் இறங்கும் அளவு, அந்தப் பைப்பின் விட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வென்ட்டின் வாய் ட்ராப்பின் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். ட்ராப்பிலிருந்து வழிகிற தண்ணீரின் மேல் காற்று நிற்க இடமில்லாமல், வென்ட் இருந்தும் பைப் உறிஞ்சும்.

என் பைப்புக்குப் போட்டுப் பார்த்தோம். விட்டம் 40. நான் கொடுத்த வாட்டம் 3.2 மீட்டருக்கு 300 மில்லி. அந்த வாட்டத்தில் 43 சென்டிமீட்டர் தள்ளிப் போவதற்குள்ளேயே 40 மில்லி இறங்கிவிடுகிறது. வாட்டத்தைச் சரியாக, நாற்பதுக்கு ஒன்று என்று வைத்தாலும், அதாவது ஒரு மீட்டருக்கு 25 மில்லி, 3.2 மீட்டருக்கு 80 மில்லி இறங்கும். அதுவும் இரண்டு மடங்கு. ஆகவே வாட்டத்தை மட்டும் திருத்திப் பிரயோஜனமில்லை, வென்ட் பேசினுக்குப் பக்கத்தில் வர வேண்டும். நாற்பதுக்கு ஒன்று வாட்டத்தில் 1.6 மீட்டருக்குள். சுவரில் ஜன்னலுக்கும் மூலைக்கும் நடுவே 1.1 மீட்டரில் ஓர் இடம் கிடைத்தது. 1.1 மீட்டருக்கு இறக்கம் 27.5 மில்லி. நாற்பதுக்குள் அடங்கிவிட்டது.

புதிய அமைப்பு இப்படி. பேசினின் 40 மில்லி பைப் 1.1 மீட்டர் மட்டும் ஓடி, செங்குத்தாக நிற்கும் 50 மில்லி பைப்பில் டீ வடிவ இணைப்பு போட்டுச் சேரும். அந்தச் செங்குத்துப் பைப்பின் மேல்பக்கம் கூரைக்கு மேலே திறந்த வாயோடு போகும், அதுதான் வென்ட். கீழ்ப்பக்கம் மண்ணுக்குள் இறங்கி, வளைந்து, 2.1 மீட்டர் ஓடி, 110 பைப்பின் தலைப்பில் சேரும். இந்த 2.1 மீட்டருக்கு 52 மில்லி இறக்கம். ஷவரை 110 பைப்பிலிருந்து பிரித்து, மண்ணுக்குள் ஓடும் இந்த 50 பைப்பில், செங்குத்துப் பைப்புக்குக் கிட்டேயே, ஒய் வடிவ இணைப்பு போட்டுச் சேர்த்தோம். ஷவர் ட்ராப்பிலிருந்து தூரம் 90 சென்டிமீட்டர், இறக்கம் 22 மில்லி. இப்போது டாய்லெட் காற்று கேட்டால் செங்குத்துப் பைப் வழியாக மேலேயிருந்து வரும், ஷவரைத் தொடாது.

கடையில் ஒருவர் டூ-வே வென்ட் வால்வு ஒன்றை மாட்டினால் போதும், கூரை வரை போக வேண்டாம் என்றார். பெயர் டூ-வே என்றாலும் அது காற்றை உள்ளே மட்டும் விடும், வெளியே விடாது. அதன் ரப்பர் ஒட்டிக்கொண்டால் மாற்ற வேண்டும். கூரையைத் துளைக்க முடியாத வீட்டுக்கு அது உதவும். எனக்கு வெளிச்சுவர் சும்மா நிற்கிறது, அதனால் திறந்த பைப்பே போட்டேன்.

வேலைக்கு இரண்டு சனிக்கிழமை பிடித்தது. மண்ணைத் தோண்டுவதுதான் கஷ்டம். சுவர் ஓரத்தில் பழைய கட்டடத்தின் உடைந்த செங்கல்லும் சிமெண்டுக் கட்டியும் கலந்து கிடந்தன. வாட்டம் பார்க்க ரசமட்டம் மட்டும் போதவில்லை. 60 சென்டிமீட்டர் ரசமட்டத்தில் இரண்டு மில்லி பிசகினால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 2.1 மீட்டருக்கு அது ஏழு மில்லியாகிவிடும். அண்ணன் ட்யூப் லெவல் கொண்டு வந்தார். தண்ணீர் நிரப்பிய, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் ட்யூப், இரண்டு கோடியிலும் ஒரே மட்டம் காட்டும். அதை வைத்துச் சுவரில் மட்டக்கோடு போட்டு, கோட்டிலிருந்து கீழே அளந்து பைப்பை உட்கார வைத்தோம். பள்ளத்தின் அடியில் ஆற்றுமணல் ஐந்து சென்டிமீட்டர் பரப்பினோம். கல்லின் மேல் நேரடியாக உட்கார்ந்தால் பைப் மறுபடியும் அங்கங்கே தூக்கிக்கொள்ளும்.

பசை போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் உலர்வாகப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் பென்சிலால் கோடு போட்டேன். ஒய் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பசை போட்ட பிறகு யோசிக்க நேரம் கிடையாது. அப்படியும் ஒரு ஒய்யைத் தலைகீழாக, ஓட்டத்துக்கு எதிராக ஒட்டிவிட்டேன். அறுத்து எறிந்து வேறு வாங்கினேன். செங்குத்துப் பைப் மண்ணுக்குள் இறங்கும் இடத்துக்குச் சற்று மேலே, திருகு மூடியோடு ஒரு திறப்பு வைக்கச் சொன்னார் அண்ணன். அடைத்தால் அதன் வழியாகக் கம்பி விடலாம். 110 பைப்பில் செய்த இணைப்பு அவர் கை.

மண்ணை மூடுவதற்கு முன்னால் சோதனை. குச்சி மறுபடியும் ஷவருக்குள். தொடக்கம் 100. பேசினை நிரப்பி அடைப்பை எடுத்து, அது இறங்கும்போதே டாய்லெட்டையும் ஃப்ளஷ் செய்தோம். 96. அடுத்தடுத்து ஐந்து முறை செய்த பிறகு 92. குளுக் சத்தம் இல்லை. பேசின் ட்ராப்பைத் திறந்து பிடித்தால் 280 மில்லிலிட்டர். அத்தை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், "இதுக்கா இவ்வளவு நாள்" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அத்தோடு முடியவில்லை. வென்ட் பைப்பை அவுட்பில்டிங்கின் கூரை விளிம்புக்குக் கொஞ்சம் மேலே அறுத்து விட்டிருந்தேன். அத்தையின் பாத்ரூம் சுத்தமாயிற்று, நாற்றம் எங்கள் சமையலறைக்கு வந்துவிட்டது. நிலம் சரிவு, பெரிய வீடு கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. வென்ட்டின் வாய் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, இரண்டரை மீட்டர் தூரத்தில் நின்றது. ரசம் தாளிக்கும்போது அந்த வாசனையும் சேர்ந்து வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டாம். இன்னொரு துண்டு ஒட்டி, ஜன்னலின் மேல் சட்டத்தைவிட ஒரு மீட்டர் உயரமாக்கி, சுவரோடு இரண்டு கிளாம்ப் கூடுதலாகப் போட்டேன். அதன் பிறகுதான் மூன்று வாரக் கணக்கு தொடங்கியது.

செலவு: 50 மில்லி பைப் இரண்டு நீளம், டீ, ஒய் இரண்டு (ஒன்று வீண்), வளைவுகள், திறப்பு மூடி, பசை, கிளாம்ப், மணல் எல்லாம் சேர்த்து 1,850 ரேண்ட். அண்ணனுக்கு 1,200 கொடுத்தேன், அவர் கேட்டது அதைவிடக் குறைவு. முதல் இரண்டு முயற்சியில் வீணானது சுமார் 600 ரேண்ட். வெயிலில் நிற்கும் பிவிசி சில வருடத்தில் மொறுமொறுத்துவிடும் என்பதால் வெளிச்சுவர்ப் பெயிண்ட்டில் மிச்சம் இருந்ததைப் பைப் முழுக்கப் பூசினேன். அதற்குச் செலவில்லை.

மறுபடி முதலிலிருந்து கட்டுவதானால் பேசினையும் ஷவரையும் 110 பைப்பில் நேராகச் சேர்க்கவே மாட்டேன். எங்கள் பெரிய வீட்டில், அறுபதுகளில் கட்டியவர்கள், பாத்ரூம் ஜன்னலுக்கு வெளியே கல்லி என்கிற வடிகால் குழி ஒன்றை வைத்திருக்கிறார்கள். குளிக்கிற தண்ணீரும் பேசின் தண்ணீரும் அதன் ஜாலியில் திறந்த வெளியில் விழுகின்றன, கல்லியே ஒரு பெரிய ட்ராப். டாய்லெட் எவ்வளவு உறிஞ்சினாலும் அது உள்ளே இருக்கும் ட்ராப்பைத் தொடாது. பார்க்க நன்றாக இல்லை என்று நான் தவிர்த்தேன். மழைத்தண்ணீர் உள்ளே போகாதபடி அதன் விளிம்பைத் தரையைவிட உயர்த்திக் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு சின்ன விஷயம் பாக்கி. அத்தை ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் மகள் வீட்டுக்குப் போனால் ஒரு மாதம் வர மாட்டார். வென்ட் இருந்தாலும் ஷவர் ட்ராப் தண்ணீர் தானாகவே ஆவியாகிக் குறையும். போகும் நாளில் ட்ராப்பை நிரப்பி, மேலே நாலு ஸ்பூன் சமையல் எண்ணெய் ஊற்றிவிடச் சொன்னார் அண்ணன், எண்ணெய்ப் படலம் ஆவியாவதைத் தடுக்குமாம். குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்கும் ஒரு வாளி தனியாக வைத்திருக்கிறேன், ஜாலியில் ஊற்ற. அப்புறம் வென்ட் வாயில் பூச்சி போகாமல் இருக்க மாட்டிய வலைமூடியை இரண்டாம் நாளே குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. இங்கே குரங்குக்கு எட்டாத கூரை கிடையாது. இப்போது இரண்டு துருப்பிடிக்காத திருகு போட்டு முடுக்கியிருக்கிறேன். நேற்று வரை இருக்கிறது.